மாநாட்டு வாசலில் க்யூஆர் பதிவு: ஸ்கேன் ஆகாதவர்களை வரிசை நிற்காமல் உள்ளே அனுப்பும் வழி

வேலூரில் தோல் தொழில் பற்றி ஒரு நாள் கருத்தரங்கு நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காட்பாடி சாலையில் மண்டபம், 420 பேர் முன்பதிவு, காலை 9:30 மணிக்குத் தொடக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையிலிருந்து காரில் வருகிறவர்களும், சென்னையிலிருந்து ரயிலில் காட்பாடி ஜங்ஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து வருகிறவர்களும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து சேருவார்கள். 8:50 முதல் 9:30 வரையிலான 40 நிமிடத்தில் 240 பேர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் கைபேசியைக் காட்டி, ஸ்கேன் ஆகி, பேட்ஜை வாங்கி நகர 15 நொடி ஆகும். 240 பேருக்கு மொத்தம் 60 நிமிட வேலை. இரண்டு கவுண்டர் போட்டால் உங்களிடம் 80 நிமிடம் இருக்கிறது. தாராளமாகத்தான் தெரிகிறது. ஆனால் நூற்றுக்கு ஐந்து பேருக்குக் குறியீடு வேலை செய்யவில்லை என்றால் அது 12 பேர். ஒவ்வொருவரையும் கவுண்டரிலேயே நிறுத்தி, பட்டியலில் தேடி, மின்னஞ்சலைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் ஆளுக்கு 3 நிமிடம், மொத்தம் 36 நிமிடம். இப்போது வேலை 96 நிமிடம், கையில் இருப்பது 80. பற்றாக்குறையான 16 நிமிடம் என்பது 64 பேருக்கான நேரம். குத்துவிளக்கு ஏற்றும்போது 64 பேர் வெயிலில் நிற்பார்கள். குறியீடு வேலை செய்யாதவர்கள் வெறும் 12 பேர்தான்.

அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு ஏற்பாட்டைச் சுற்றித்தான் போகிறது. ஸ்கேன் ஆகாதவர் பத்து நொடிக்கு மேல் கவுண்டரில் நிற்கக் கூடாது. பக்கத்தில் இருக்கும் உதவி மேசைக்கு அவரை மரியாதையோடு அனுப்பிவிட வேண்டும். அது நடக்க, குறியீட்டை உருவாக்கும் நாளிலிருந்தே சில விஷயங்களைச் சரியாகச் செய்து வைக்க வேண்டியிருக்கிறது.

குறியீட்டை எப்படி அமைப்பது

க்யூஆருக்குள் பெயர், கைபேசி எண், நிறுவனம் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். உள்ளே எழுத்து கூடக் கூடக் கட்டங்கள் பொடியாகும். பொடியான கட்டங்கள் கீறல் விழுந்த திரையில் படிக்கப்படாது. தனிப்பட்ட விவரமும் யார் கையில் வேண்டுமானாலும் போய்விடும். ஒரு சின்னக் குறியீடு போதும், மற்ற விவரமெல்லாம் உங்கள் பட்டியலில் இருக்கட்டும். `A-K7M4R` என்பது போல ஏழு எழுத்து வைத்தால் க்யூஆர் மிகச் சிறிய அளவான 21க்கு 21 கட்டத்திலேயே அடங்கிவிடும். ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், இடைக்கோடு இவை மட்டும் இருக்க வேண்டும். சிறிய எழுத்து கலந்தால் அதே நீளத்துக்குக் கூடுதல் இடம் பிடிக்கும்.

முதல் எழுத்து எந்தக் கவுண்டர் என்பதைச் சொல்லும்: A அல்லது B. ஒற்றைப்படை வரிசை எண்ணுக்கு A, இரட்டைப்படைக்கு B என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் கூட்டம் சமமாகப் பிரியும். இதில் இன்னொரு பெரிய லாபம் உண்டு. இரண்டு மடிக்கணினியும் இணையம் இல்லாமலே வேலை செய்யலாம். A வரிசைக்காரர்கள் முழுவதும் ஒரே கணினியில் பதிவாவதால், ஒரே குறியீட்டை இரண்டு பேர் காட்டினாலும் அந்தக் கணினி கண்டுபிடித்துவிடும். மண்டபத்து வைஃபையை நம்பி வாசலை நடத்துவதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன். மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்தச் சில நொடியிலேயே ரவுட்டர் அணைந்து, திரும்ப எழுந்து வர நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். மடிக்கணினிக்கு பேட்டரி இருக்கிறது, ஸ்கேனரும் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும்.

எழுத்துகளில் O, I, 0, 1 ஆகிய நான்கையும் ஒதுக்கிவிடுங்கள். முடிந்தால் S, 5, B, 8 ஆகியவற்றையும் இடைக்கோட்டுக்குப் பிறகு தவிர்க்கலாம். கையால் தட்டச்சு செய்ய நேரும்போது இதன் அருமை தெரியும். குறியீடு எண்ணில் தொடங்கவும் கூடாது. `4E27` என்று ஒரு குறியீடு இருந்தால் எக்செல் அதை அறிவியல் முறை எண் என்று நினைத்து `4.00E+27` ஆக்கிவிடும். `MAR12` என்பதைத் தேதியாக மாற்றிவிடும். `00347` என்பதில் முன்னால் இருக்கும் சுழியங்களை விழுங்கிவிடும். அப்புறம் விருந்தினரின் கைபேசியில் இருப்பது ஒன்று, பட்டியலில் இருப்பது வேறொன்று. விருந்தினர் பக்கம் எந்தத் தவறும் இருக்காது, படமும் அழகாக ஸ்கேன் ஆகும், ஆனால் "பட்டியலில் இல்லை" என்றே வந்துகொண்டிருக்கும்.

படம் உருவாக்கி அனுப்புதல்

பட்டியலை `code`, `name`, `org`, `phone4` என்ற நான்கு பத்தியோடு `guests.csv` ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்தி, கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம். பைத்தான் நிரல்மொழி தெரிந்த ஒருவர் இருந்தால் எல்லாப் படமும் ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிடும். முதலில் `pip install "qrcode[pil]"` என்று நிறுவிக்கொண்டு:

```python
import csv, qrcode
from qrcode.constants import ERROR_CORRECT_Q

with open("guests.csv", encoding="utf-8-sig") as f:
    for row in csv.DictReader(f):
        q = qrcode.QRCode(error_correction=ERROR_CORRECT_Q,
                          box_size=16, border=4)
        q.add_data(row["code"])
        q.make(fit=True)
        q.make_image().save(row["code"] + ".png")
```

இதில் `ERROR_CORRECT_Q` என்பது, படத்தில் சுமார் 25 சதவீதம் வரை சேதமானாலும் மீட்டெடுக்கும் நிலை. `border=4` என்பது சுற்றிலும் விடும் வெள்ளை ஓரம், நான்கு கட்ட அகலம். அந்த ஓரம் இல்லாவிட்டால் க்யூஆர் எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேனருக்குப் புரியாது. அழைப்பிதழ் வடிவமைப்பவர் "இடம் வீணாகிறது" என்று அந்த ஓரத்தை வெட்டிவிடுவார். வெட்ட வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். சங்கத்தின் சின்னத்தை நடுவில் வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். வைத்தால், உடைந்த திரைக்காக வைத்திருந்த சேதத் தாங்குதிறனை நாமே செலவழித்துவிடுகிறோம். தங்க நிற எழுத்து, பச்சைப் பின்னணி எதுவும் வேண்டாம். வெள்ளையில் கறுப்பு மட்டும்.

பின்னணி வெள்ளை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சில வடிவமைப்பு மென்பொருள்கள் பின்னணியே இல்லாத, ஒளி ஊடுருவும் படத்தைத் தரும். விருந்தினர் கைபேசியில் இருள் பயன்முறை போட்டிருந்தால் கறுப்புப் பின்னணியில் கறுப்புக் கட்டம். வெறும் இருட்டுதான் தெரியும். மேலே உள்ள நிரல் வெள்ளைப் பின்னணியோடுதான் சேமிக்கிறது.

படத்துக்குக் கீழே குறியீட்டைக் கண்ணால் படிக்கும்படி பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். அதற்குக் கீழே விருந்தினர் பெயர். இந்த இரண்டு வரியும் வாசலில் பாதிச் சிக்கலைத் தீர்க்கும். காரணம் பின்னால் வருகிறது.

மின்னஞ்சலில் படத்தை இணைப்பாகவே அனுப்புங்கள். இணைய முகவரியிலிருந்து எடுத்துக் காட்டும் படமாக வைத்தால், சில அஞ்சல் பெட்டிகள் அதை மறைத்தே வைத்திருக்கும், வாசலில் சிக்னல் இல்லாவிட்டால் வரவும் வராது. இரண்டு நாள் முன்பு ஒரு முறை, நிகழ்ச்சியன்று காலை வாட்ஸ்அப்பில் ஒரு முறை அனுப்புவது என் வழக்கம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கினாலும் கட்டங்கள் பெரிதாக இருப்பதால் பாதிப்பு வராது.

வாசல் ஏற்பாடு

கைபேசிச் செயலியில் ஸ்கேன் செய்வதைவிட யூ.எஸ்.பி. ஸ்கேனர் நல்லது. வாங்கும்போது "2டி இமேஜர்" என்று கேளுங்கள். மளிகைக் கடையில் பார்க்கும் சிவப்புக் கோட்டு லேசர் ஸ்கேனர் பார்கோடு மட்டும்தான் படிக்கும், க்யூஆர் படிக்காது. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். மேசைமேல் நிற்கும் தாங்கியோடு வாங்கிவிட்டால் ஊழியரின் இரண்டு கையும் பேட்ஜ் எடுக்கச் சும்மா இருக்கும்.

இந்த ஸ்கேனர் கணினிக்கு ஒரு விசைப்பலகை மாதிரிதான். படித்த எழுத்தைத் தட்டச்சு செய்து, கடைசியில் Enter அழுத்தும். Enter வராவிட்டால், ஸ்கேனர் கையேட்டில் அதற்கென்று அச்சிட்டிருக்கும் குறியை ஒரு முறை ஸ்கேன் செய்தால் போதும். விசைப்பலகை என்பதால் ஒரு நம்மூர்ச் சிக்கல் உண்டு: மடிக்கணினியில் தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருந்தால் `A-K7M4R` என்பது ஏதோ தமிழ் எழுத்துக் கூட்டமாக வந்து விழும். வரவேற்புப் பலகையை அதே கணினியில் தமிழில் தட்டச்சு செய்தவர் மாற்றாமல் போயிருப்பார். காலையில் முதல் வேலையாக ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள், Caps Lock அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எக்செலில் இரண்டு தாள்: `Guests` என்பதில் அந்தக் கவுண்டருக்கு உரிய பட்டியல், `Entry` என்பதில் A பத்தியில் ஸ்கேன் விழும். `Entry` தாளில் B2 கட்டத்தில் இதைப் போட்டுக் கீழே 400 வரி வரை இழுத்துவிடுங்கள்:

```
=IF(A2="","",IF(COUNTIF(A$2:A2,A2)>1,"ஏற்கனவே",
IFERROR(VLOOKUP(A2,Guests!A:D,2,FALSE),"பட்டியலில் இல்லை")))
```

சரியான குறியீடு என்றால் பெயர் வரும். இரண்டாம் முறை என்றால் "ஏற்கனவே" வரும். இல்லாத குறியீடு என்றால் "பட்டியலில் இல்லை". எழுத்தளவைப் பெரிதாக்கி வையுங்கள், ஊழியர் குனிந்து பார்க்கக் கூடாது. மௌஸைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுங்கள். தெரியாமல் வேறு கட்டத்தில் சொடுக்கிவிட்டால் அடுத்த ஸ்கேன் எங்கோ போய் விழும். பேட்ஜுகளைக் குறியீட்டின் அகரவரிசையில் பெட்டியில் அடுக்கி அதே மேசையில் வையுங்கள்.

ஊழியர் செய்ய வேண்டிய ஒரே பேச்சு, திரையில் வந்த பெயரைச் சொல்லிக் கேட்பது: "செந்தில்குமார் சார்தானே?" மரியாதைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அடுத்தவர் குறியீட்டில் இவர் உள்ளே போவதைத் தடுக்க இருக்கும் ஒரே இடம் இதுதான்.

வரிசை நிற்கும் இடத்துக்குப் பந்தல் போடுங்கள். மே மாதத்து வேலூர் வெயிலில் கையில் பிடித்த கைபேசி சூடேறினால் அதுவே தன் திரை ஒளியைக் குறைத்துக்கொள்ளும், எவ்வளவு ஏற்றினாலும் ஏறாது. ஸ்கேனர் கண்ணாடியில் நேர் வெயில் பட்டாலும் தொல்லை. முந்தின நாள் அதே காலை 9 மணிக்கு அதே வாசலில் மேசையைப் போட்டுச் சோதித்துப் பாருங்கள்: கீறல் விழுந்த பழைய கைபேசி, இருள் பயன்முறை, அலுவலகத் தாளில் மங்கலாக அச்சிட்ட படம், மடிக்கணினித் திரையைக் கைபேசியில் படம் பிடித்த படம் என்று நான்கும் படிக்கிறதா என்று பார்த்துவிட்டால் போதும்.

இன்னொன்று. க்யூஆர் என்றாலே பணம் கட்டத் தாங்கள் ஸ்கேன் செய்யும் சமாச்சாரம் என்று நம் மக்களுக்குப் பழகிவிட்டது. நிறையப் பேர் கைபேசிக் கேமராவைத் திறந்துகொண்டு ஸ்கேனரையே குறி பார்ப்பார்கள். "உங்கள் க்யூஆரை இந்தக் கண்ணாடியில் காட்டுங்கள்" என்று பெரிதாக எழுதி வையுங்கள். வரிசையில் நடந்தபடி "க்யூஆரைத் திறந்து கையில் வச்சுக்குங்க, ஒளியைக் கூட்டிக்குங்க" என்று சொல்ல ஒரு தன்னார்வலரை நிறுத்துங்கள். குறியீடே இல்லை என்பவர்களை அவர் அப்போதே உதவி மேசைக்குத் திருப்பிவிட்டால், கவுண்டர் வரை வந்து ஏமாறுகிறவர்கள் குறைவார்கள்.

உதவி மேசை

கவுண்டருக்குப் பக்கத்தில், ஆனால் வரிசை அதைத் தொடாத தூரத்தில். இரண்டு பேர் வேண்டும். 12 பேருக்கு 36 நிமிடம் என்றால் ஒருவராலேயே முடியும்போலத் தெரியும், ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரும் வரிசையாக வர மாட்டார்கள், நான்கு பேராகத்தான் வருவார்கள். இவர்களில் ஒருவருக்கு உருதோ இந்தியோ தெரிந்திருந்தால் ஆம்பூர், வாணியம்பாடிப் பெரியவர்களோடும் வெளிமாநில விருந்தினரோடும் பேச்சு சுலபமாகும்.

முழுப் பட்டியலையும் தாளில் மூன்று விதமாக வரிசைப்படுத்தி அச்சிட்டு வையுங்கள்: கைபேசியின் கடைசி நான்கு இலக்கப்படி, நிறுவனப்படி, பெயர்ப்படி. முதலில் பார்க்க வேண்டியது நான்கு இலக்கத்தைத்தான். பெயரில் தேடுவது நம்மூரில் படு சிரமம். முன்னெழுத்தை முன்னால் போட்டவர், பின்னால் போட்டவர் என்று ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருப்பார். முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத எத்தனை விதம் இருக்கிறதோ அத்தனையும் பட்டியலில் இருக்கும். நான்கு இலக்கத்தில் அந்தக் குழப்பம் கிடையாது. 420 பேரில் ஒரு சில ஜோடிகளுக்குத் தற்செயலாக ஒரே நான்கு இலக்கம் அமையலாம். பக்கத்தில் இருக்கும் பெயரைப் பார்த்தால் தெளிந்துவிடும்.

அத்துடன் யார் பெயரும் இல்லாத 30 பேட்ஜ், `X-01` முதல் `X-30` வரை. இவற்றைக் கணினியில் ஏற்ற வேண்டாம். யாருக்குக் கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதினால் போதும்.

ஸ்கேன் ஆகவில்லை என்றால்

வாசலில் நடக்கும் தோல்வி எல்லாமே மூன்றில் ஒன்றுதான்: ஸ்கேனர் எதையும் படிக்கவில்லை; படித்தது, ஆனால் பட்டியலில் இல்லை; படித்தது, ஆனால் ஏற்கனவே உள்ளே போயாகிவிட்டது. திரையைப் பார்த்தாலே எது என்று தெரியும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

ஸ்கேனர் சத்தமே போடவில்லை என்றால் அது படத்தின் பிரச்சினை. வாட்ஸ்அப்பில் படம் பதிவிறங்காமல் மங்கலான முன்தோற்றம் மட்டும் இருக்கலாம். விரலால் பெரிதாக்கியதில் வெள்ளை ஓரம் வெட்டுப்பட்டிருக்கலாம். திரை ஒளி குறைந்திருக்கலாம். இரண்டு முறை காட்டச் சொல்லுங்கள், அப்படியும் படிக்காவிட்டால் படத்துக்குக் கீழே உள்ள குறியீட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்து Enter அடியுங்கள். ஏழு எழுத்து, ஐந்து நொடி. விருந்தினருக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. குறியீட்டைக் கண்ணால் படிக்கும்படி அச்சிடச் சொன்னது இதற்குத்தான். இதைக் கவுண்டரிலேயே செய்யலாம். மற்ற எதையும் கவுண்டரில் செய்யக் கூடாது.

அடுத்தடுத்து இரண்டு பேருக்கு ஆகவில்லை என்றால் சந்தேகம் நம் பக்கம் திரும்ப வேண்டும். ஒவ்வொரு கவுண்டரிலும் நன்றாக அச்சிட்ட சோதனை அட்டை ஒன்று ஒட்டி வையுங்கள். அதைக் காட்டியும் படிக்கவில்லை என்றால் கம்பி கழன்றிருக்கிறது, அல்லது கண்ணாடியில் வெயிலோ விரல் அழுக்கோ. படித்து, திரையில் தவறான எழுத்து வந்தால் விசைப்பலகை மொழி மாறியிருக்கிறது. சோதனை அட்டை சரியாக வந்தால் நாம் சரி, படம்தான் கோளாறு. இந்த ஒரு அட்டை இல்லாததால் "உங்க போன்லதான் ஏதோ பிரச்சினை சார்" என்று வரிசையாகப் பத்துப் பேரிடம் சொல்லும் நிலை வரும்.

"பட்டியலில் இல்லை" என்று வந்தால் முதலில் முதல் எழுத்தைப் பாருங்கள். A கவுண்டரில் B குறியீடு காட்டியிருப்பார். "பக்கத்து மேசை சார்" என்று கை காட்டினால் முடிந்தது. எழுத்து சரியாக இருந்தும் இல்லை என்றால் உதவி மேசை. பட்டியலை அச்சடித்த பிறகு பணம் கட்டியவராக இருக்கலாம், வேறொரு நிகழ்ச்சியின் க்யூஆரையோ கடையின் பணம் செலுத்தும் க்யூஆரையோ திறந்து காட்டியிருக்கலாம். உதவி மேசையில் நான்கு இலக்கத்தைக் கேட்டுத் தாளில் தேடுவார்கள். கிடைத்தால் அவருடைய சரியான குறியீட்டை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, தன்னார்வலர் அதைக் கவுண்டருக்குக் கொண்டுபோவார். கவுண்டர் ஊழியர் இரண்டு விருந்தினருக்கு நடுவே அதைத் தட்டச்சு செய்து, பேட்ஜை எடுத்துக் கொடுப்பார். விருந்தினர் மறுபடி வரிசையில் நிற்கவே கூடாது. தாளில் இல்லவே இல்லை என்றால் X பேட்ஜ். பதிவே செய்யாமல் வந்தவரை விடலாமா கூடாதா என்பதை அங்கே விவாதிக்காதீர்கள். முடிவெடுக்கும் ஒருவரின் எண்ணை முந்தின நாளே உதவி மேசையில் ஒட்டி வையுங்கள்.

மூன்றாவதான "ஏற்கனவே" என்பதில்தான் பக்குவம் தேவை. அந்தச் சொல்லைக் கேட்டதும் எதிரே நிற்பவர் திருட்டுத்தனமாக வந்தவர் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இருக்காது. திரையில் ஒரு வரி மேலே பாருங்கள். அதே குறியீடு சற்று முன்தான் விழுந்திருந்தால் ஸ்கேனர் இரண்டு முறை படித்துவிட்டது, அவ்வளவுதான். பேட்ஜைக் கொடுத்து அனுப்புங்கள். கழுத்தில் பேட்ஜ் இருந்தால் டீ குடிக்க வெளியே போனவர்; உள்ளே விட பேட்ஜே போதும், ஸ்கேன் தேவையில்லை. இரண்டும் இல்லை என்றால் ஒரே படம் இரண்டு கைபேசியில் இருக்கிறது. "உங்க பேட்ஜை அந்த மேசையில் எடுத்துத் தருவாங்க சார்" என்று மட்டும் சொல்லுங்கள். "ஏற்கனவே ஒருத்தர் இதுல போயிட்டார்" என்று வரிசை முன்னால் சொல்ல வேண்டாம்.

ஒன்பது பேர், ஒரே படம்

நடைமுறையில் அதிகம் வரும் வழக்கு இது. ஆம்பூர் நிறுவனம் ஒன்றிலிருந்து ஒன்பது பேர். மேலாளர் எல்லோருக்கும் தன் மின்னஞ்சலையும் தன் கைபேசி எண்ணையும் போட்டுப் பதிவு செய்திருக்கிறார். ஒன்பது படமும் அவருக்கே வந்தன. அவர் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒன்பதையும் போட்டுவிட்டு, பெங்களூர் நெடுஞ்சாலையில் பின்னால் வந்துகொண்டிருக்கிறார். மற்ற எட்டுப் பேரும் குழுவில் முதலில் கண்ணில் பட்ட படத்தைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அது மேலாளருடைய படம்.

முதல் ஆள் ஸ்கேன் செய்கிறார். திரையில் மேலாளர் பெயர். ஊழியர் பெயரைச் சொல்லிக் கேட்காமல் பேட்ஜை நீட்டினால், அவரும் சும்மா வாங்கி மாட்டிக்கொண்டு போய்விடுவார். இரண்டாம் ஆளுக்கு "ஏற்கனவே". மூன்றாம் ஆளுக்கும். கடைசியில் மேலாளர் வந்து சேரும்போது அவருடைய பேட்ஜே இல்லை, அவர்தான் பணம் கட்டியவர். கோபம் வராமல் என்ன செய்யும்?

பெயரைக் கேட்டிருந்தால் முதல் ஆளிடமே "நான் இல்லீங்க, அது எங்க மேனேஜர்" என்று பதில் வந்திருக்கும். அப்படி வந்த உடனே ஊழியர் அந்த வரியை அழித்துவிட்டு, "கம்பெனியிலிருந்து எத்தனை பேர் வந்திருக்கீங்க? எல்லாரும் அந்த மேசைக்குப் போயிடுங்க" என்று மொத்தக் குழுவையும் ஒரேயடியாக உதவி மேசைக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொருவராக ஸ்கேன் செய்து தோற்றுப்போய் அனுப்பினால் எட்டு முறை வரிசை நிற்கும்.

உதவி மேசையில் நான்கு இலக்கம் இங்கே உதவாது, ஒன்பது பேருக்கும் மேலாளர் எண்தான். நிறுவனப்படி அடுக்கிய தாளை எடுக்க வேண்டும். அதில் ஒன்பது பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒருவரைப் பேசச் சொல்லி, நேரில் நிற்கிறவர்களின் பெயரை மட்டும் குறியிட்டு, எட்டுக் குறியீட்டையும் ஒரே சீட்டில் எழுதி அனுப்புங்கள். A, B இரண்டிலும் பெயர்கள் பிரிந்திருக்கும் என்பதால் சீட்டை இரண்டாகக் கிழித்து அந்தந்தக் கவுண்டருக்குக் கொடுங்கள். கூட்டம் இல்லாத நொடியில் நான்கு நான்காகத் தட்டச்சு செய்தால் எட்டு பேட்ஜும் சேர்ந்து வரும். வராத மேலாளரின் பேட்ஜை யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். அவர் வந்து தன் படத்தைக் காட்டினால் அது வழக்கம்போல ஸ்கேன் ஆகும்.

தவறான பேட்ஜோடு ஒருவர் உள்ளே போய்விட்டார் என்று பிறகு தெரிந்தால், மேலாளருக்கு X பேட்ஜில் பெயர் எழுதி உடனே உள்ளே அனுப்புங்கள். கூட்டம் அடங்கிய பிறகு முதல் ஆளிடம் பேட்ஜை மாற்றிக்கொடுத்து, `Entry` தாளில் அவருடைய சரியான குறியீட்டைப் புதிதாக ஏற்றினால் போதும். மேலாளருடைய வரி ஏற்கனவே அங்கே இருக்கிறது, அவருடைய X எண்ணை நோட்டில் அடித்துவிடுங்கள்.

இதை முன்கூட்டியே குறைக்கவும் வழியுண்டு. அனுப்பும் முன் பதிவுப் பட்டியலில் ஒரே மின்னஞ்சல் மூன்று முறைக்கு மேல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்தக் குழுக்களுக்குப் படமே அனுப்பாமல், "உங்கள் நிறுவன பேட்ஜுகள் உதவி மேசையில் ஒரே உறையில் இருக்கும்" என்று செய்தி அனுப்பலாம். அந்த பேட்ஜுகளைக் கவுண்டர் பெட்டியிலிருந்து எடுத்து, நிறுவனப் பெயர் எழுதிய உறையில் போட்டுவிடுங்கள். உறையிலிருந்து கொடுக்கக் கொடுக்க, பேட்ஜில் பொடியாக அச்சிட்டிருக்கும் குறியீடுகளைச் சீட்டில் எழுதிக் கவுண்டருக்கு அனுப்பினால் கணக்கும் ஒரே இடத்தில் சேரும்.

சிறப்பு விருந்தினர்களுக்கு இந்த எதுவும் பொருந்தாது. அவர்கள் பேட்ஜ் வரவேற்புக் குழுத் தலைவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். அவர்களிடம் யாரும் க்யூஆர் கேட்கக் கூடாது, கேட்டால் பின்னால் வரும் பத்துப் பேரும் சேர்ந்து உங்களுக்குப் பாடம் எடுப்பார்கள்.

கணக்கை முடிப்பது

சமையல்காரர் எத்தனை இலை என்று 11 மணிக்குக் கேட்பார். அப்போது A கணினியில் விழுந்த சரியான பெயர்கள், B கணினியில் விழுந்தவை, நோட்டில் அடிக்காமல் இருக்கும் X எண்கள், தலைவர் பையிலிருந்து போன பேட்ஜுகள், இந்த நான்கையும் கூட்டுங்கள். "ஏற்கனவே", "பட்டியலில் இல்லை" என்று வந்த வரிகளைச் சேர்க்காதீர்கள். பெட்டியிலும் உறையிலும் தலைவர் பையிலும் மீதி இருக்கும் பேட்ஜுகளை எண்ணி 420இலிருந்து கழித்தாலும், X தவிர்த்த தொகைக்குக் கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். ஒன்றிரண்டு வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம். பத்துக்கு மேல் வந்தால், துண்டுச்சீட்டில் போன குறியீடுகளைக் கவுண்டரில் ஏற்றாமல் பேட்ஜை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் ஏற்றிவிடலாம்.

உதவி மேசையை மதியச் சாப்பாடு வரை மூட வேண்டாம், கவுண்டர் ஒன்றை மட்டும் 10:30க்கு மூடலாம். அதன் மடிக்கணினியையும் மீதி பேட்ஜையும் மற்ற மேசைக்கு நகர்த்தி, இரண்டையும் ஒருவரே பார்த்துக்கொள்ளலாம். மாலையில் இரண்டு எக்செல் கோப்பையும் ஒரே இடத்தில் நகலெடுத்துவிட்டு, பெயரும் எண்ணும் அச்சிட்ட மூன்று தாள்களையும் மண்டபத்திலேயே விட்டுவிடாமல் எடுத்துவந்து கிழித்துப்போடுங்கள்.